அடுத்த வகுப்புக்குப் போகும் குறிப்பு

அன்புள்ள ஐயாவுக்கு,

நான் நான்காம் வகுப்பு ஆசிரியை. ஆண்டு முடிந்ததும் என் 38 பிள்ளைகளும் வேறு ஆசிரியரிடம் போகிறார்கள். ஒவ்வொருவரின் திறனையும் தேவையையும் எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். எழுத உட்கார்ந்தால் 'நல்ல பையன், கவனம் தேவை' என்பதைத் தாண்டிக் கை நகரவில்லை. விரிவாக எழுதினால் பிள்ளைகள்மேல் முத்திரை குத்திவிடுவேனோ என்று பயமாகவும் இருக்கிறது.
ர.

அன்புள்ள ர.,

உங்கள் பயம் நியாயமானது. நான் வகுப்பெடுத்த காலத்தில் எனக்கு வந்த ஒரு குறிப்பில், ஒரு பையனின் பெயருக்கு எதிரே 'சோம்பேறி, எழுத மாட்டான்' என்று இருந்தது. நானும் நம்பிக் கடைசி வரிசையில் விட்டுவிட்டேன். நான் வாயால் சொல்லச் சொல்ல எழுதுகிறவன், கரும்பலகையைப் பார்த்து எழுதச் சொன்னால் மட்டும் பக்கத்துப் பையனின் நோட்டை எட்டிப் பார்க்கிறான் என்பது உறைக்க எனக்கு மூன்று மாதம் ஆனது. அவனுக்குப் பலகை தெரியவில்லை, அவ்வளவுதான். முந்தைய ஆசிரியர் 'பலகையிலிருந்து எழுதுவதில்லை' என்று மட்டும் எழுதியிருந்தால் முதல் வாரமே பிடித்திருப்பேன். அவர் பார்த்ததை விட்டுவிட்டு, அதிலிருந்து தான் முடிவு கட்டியதை எழுதிவிட்டார்.

ஆகவே பார்த்ததை எழுதுங்கள். உங்கள் வகுப்பில் 'கணக்கில் பலவீனம்' என்று எழுதத் தோன்றும் ஒரு பெண் இருப்பாள். அவள் நோட்டை எடுத்துத் தப்பாகப் போன கணக்குகளை மட்டும் வரிசையாகப் பாருங்கள். 52-இல் 17 போனால் 35 என்று சரியாகப் போட்டிருக்கிறாள். 402-இல் 178 போனால் மட்டும் 274 என்கிறாள். விடை 224. ஒன்றாமிடத்துக்குக் கடன் வேண்டும், பக்கத்தில் பூஜ்யம் இருக்கிறது, அதனால் அதைத் தாண்டிப் போய் 4-இடமே வாங்கிவிட்டாள். 12-இல் 8 போக 4. நடுவில் பூஜ்யத்திலிருந்து 7 கழிக்க முடியாமல் அந்த 7-ஐயே கீழே இறக்கிவிட்டாள். 3-இல் 1 போக 2. அவளுக்குக் கழித்தல் தெரியும். நடுவில் பூஜ்யம் வந்தால் தடுக்குகிறது.

இனி குறிப்பை இப்படி எழுதலாம்: 'கடன் வாங்கிக் கழித்தல் வருகிறது. மேல் எண்ணின் நடுவில் பூஜ்யம் இருந்தால் அதைத் தாண்டிக் கடன் வாங்குகிறாள். குச்சிக் கட்டுகளை வைத்து, நூறைப் பத்துப் பத்துகளாகப் பிரித்து, அதில் ஒரு பத்தை உதிர்த்துக் காட்டியபோது சரியாகச் செய்தாள். தாளில் தனியாகச் செய்ய இன்னும் வரவில்லை. விடையோடு 178-ஐக் கூட்டிப் பார்க்கச் சொன்னால் 452 வருவதைக் கண்டு தப்பைத் தானே பிடித்துவிடுகிறாள்.'

அந்தக் கடைசி வாக்கியம்தான் அவள் திறன். 'நன்றாக வரைவாள்' என்று எழுதினால் கேட்க இனிமையாக இருக்கும், கழித்தல் சொல்லிக்கொடுக்க உதவாது. தன் தப்பைத் தானே பிடிப்பவள் என்று தெரிந்தால் புது ஆசிரியர் எங்கிருந்து தொடங்குவது என்று அறிவார். கூடவே எந்த மாதம் பார்த்தது என்றும் போடுங்கள். விடுமுறைக்குள் அது மாறியிருக்கலாம்.

38 பேருக்கும் இவ்வளவு எழுத முடியாது, தேவையுமில்லை. எட்டுப் பத்துப் பேருக்கு இப்படி எழுதி, மற்றவர்களுக்கு இரண்டு வரி போதும்.

அப்புறம், குறிப்பை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். முதல் தாள், பள்ளி திறக்கும் அன்றே படிக்க வேண்டியது: வலிப்பு வரும் குழந்தை, எதற்கு அலர்ஜி, யாருக்கு எந்தக் காது சரியாகக் கேட்காது, யார் முன் வரிசையில் இருந்தாக வேண்டும். மற்றதெல்லாம் இரண்டாம் தாள். அதை இரண்டு வாரம் கழித்துப் பிரிக்கச் சொல்லுங்கள். 1968-இல் ரோசந்தால், ஜேக்கப்சன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், குலுக்கலாக எடுத்த சில பெயர்களைக் காட்டி 'இவர்கள் இந்த ஆண்டு நன்றாக வருவார்கள்' என்று ஆசிரியர்களிடம் சொன்னார்கள். கீழ் வகுப்புகளில் அந்தப் பிள்ளைகளின் அறிவுத்திறன் சோதனை மதிப்பெண் மற்றவர்களைவிட அதிகமாக உயர்ந்தது. அதன் முறை பற்றி இன்றும் சண்டை ஓய்ந்தபாடில்லை. ஆனாலும் அந்தச் சோம்பேறிப் பையன் விஷயத்தில் நான் செய்ததை நினைத்தால், புது ஆசிரியர் முதலில் தன் கண்ணால் பார்ப்பதே நல்லது என்று தோன்றுகிறது.

வீட்டு விஷயங்களைத் தாளில் ஏற்றாதீர்கள். அப்பா அம்மா பிரிந்திருப்பதை எழுத வேண்டாம். 'கூட்டிப் போக யார் வருவார்கள் என்று அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளவும்' என்பது போதும். மிச்சத்தை நேரில் பார்க்கும்போது சொல்லுங்கள். எழுதி முடித்ததும், அந்தக் குழந்தையின் அம்மா எதிரில் உட்கார்ந்திருப்பதாக நினைத்து ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். எங்கே குரல் இறங்குகிறதோ, அந்த வரியைத் திருத்துங்கள்.

முடிந்தால் 402 கழித்தல் 178 இருக்கும் அந்த நோட்டுப் பக்கத்தை ஒரு நகல் எடுத்துக் கூடவே வைத்துவிடுங்கள்.