3-க்கும் 13-க்கும் சராசரி எடுக்கலாமா?

"வேலையின் அளவை எண் சீட்டுகளால் மதிப்பிடும் பிளானிங் போக்கரில், ஓடிபி வழியாக உள்நுழையும் கதைக்கு, அதாவது பயனருக்குத் தேவையான அந்த வசதிக்கு, ஒருவர் 3 சீட்டைக் காட்டுகிறார், இன்னொருவர் 13. நடுவில் 8 என்று போட்டுவிடலாமா?"

வேண்டவே வேண்டாம். அவர்கள் இருவரும் ஒரே வேலையை மதிப்பிடவில்லை. அந்த இருவரை மட்டும் முதலில் பேசவிடுங்கள். குழுவின் மூத்தவர் அதுவரை கருத்துச் சொல்லக் கூடாது. 3 காட்டியவர் பெரும்பாலும் திரையையும் எண் சரிபார்ப்பையும் மட்டும் நினைத்திருப்பார். குறுஞ்செய்தி வராவிட்டால் மறுபடி அனுப்புவது, தவறான முயற்சிகளுக்கு வரம்பு, சோதனை எல்லாம் மற்றவர் கணக்கில் இருக்கும். அவை இந்தக் கதையில் அடங்குமா என்பதை, எது வேண்டும் என்று முடிவெடுக்கும் தயாரிப்பு உரிமையாளர் அங்கேயே சொல்லட்டும்.

பிறகு சீட்டுகளை மறுபடி ஒரே நேரத்தில் திருப்புங்கள். 5, 8 என்று நெருங்கிவிட்டால் பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் சுற்றிலும் இடைவெளி குறையாவிட்டால் மறுஅனுப்புதலைத் தனிக் கதையாகப் பிரியுங்கள். குறுஞ்செய்திச் சேவையே குழுவுக்குப் புதிது என்றால், ஒரு நாள் ஆய்வுக்குப் பின்பே மதிப்பிடுங்கள்.