விசாரணை முடிஞ்சாச்சு, டிஸ்மிஸ் லெட்டர் எப்படி எழுதறது?

"திருப்பூர் பனியன் கம்பெனி. ஸ்டோர்ல ஒருத்தர் துணி ரோல் வெளிய கடத்தினது விசாரணைல நிரூபணம் ஆயிருச்சு. கிராஸ் மிஸ்காண்டக்ட்னு போட்டு டிஸ்மிஸ் லெட்டர் குடுக்கோணும். மாடல் இருக்குங்களா?"

மாடல் தேடாதீங்க. நெட்ல கிடைக்கிறதுல பாதி இங்கிலாந்து மாடல். 'கிராஸ் மிஸ்காண்டக்ட்'ங்கிற வார்த்தையே அங்கிருந்து வந்ததுதான். நம்ம ஊர்ல கேக்கறது உங்க நிலையாணைல, அதாவது கம்பெனியோட வேலை, ஒழுங்கு விதிகள்ல, எந்தப் பிரிவுன்னு. "நிர்வாகத்தின் சொத்து தொடர்பான திருட்டு, மோசடி அல்லது நேர்மையின்மை"ன்னு இருந்தா அந்தப் பிரிவு எண்ணையும் அதே வாசகத்தையும் போடுங்க. முதல்ல குற்றச்சாட்டை எழுதிக் குடுத்த சார்ஜ் மெமோல எந்தப் பிரிவு சொன்னீங்களோ லெட்டர்லயும் அதேதான் வரோணும்.

விசாரணை அதிகாரி அறிக்கையை அந்தத் தொழிலாளிக்குக் குடுத்து பதில் வாங்கினீங்களா? 1993ல கருணாகர் வழக்குல உச்ச நீதிமன்றம் சொன்னது: தண்டனை முடிவு பண்றதுக்கு முன்னாடி அந்த அறிக்கை நகல் கைக்குப் போகோணும். குடுக்கலைன்னா லெட்டரை நிறுத்திட்டு முதல்ல அதைக் குடுங்க.

பெரும்பாலான லெட்டர் தோக்கறது கண்டறிதல் பத்தியில, அதாவது எது நிரூபணம் ஆச்சுன்னு சொல்ற பத்தியில. "குற்றச்சாட்டுகள் சந்தேகத்துக்கிடமின்றி நிரூபிக்கப்பட்டன"ன்னு ஒரே வரில முடிச்சிருவாங்க. சந்தேகத்துக்கிடமில்லாம நிரூபிக்கறது கிரிமினல் கோர்ட் அளவுகோல், உள்விசாரணைக்கு அவ்வளவு தேவையே இல்லை. தேவையானது, எந்தச் சாட்சியை வெச்சு நம்பினீங்க, அவர் சொன்ன பதிலை ஏன் ஏத்துக்கலைங்கிறது. உதாரணத்துக்கு ரெண்டு குற்றச்சாட்டுன்னு வெச்சுக்குவோம்: ரோல் கடத்தினது, கேட் பாஸ்ல கள்ளக் கையெழுத்துப் போட்டது. இப்படி எழுதலாம்:

"குற்றச்சாட்டு 1: 07.03 அன்று மாலை 6.40 மணிக்கு டெலிவரி சலானில் 12 ரோல் இருக்க, வண்டியில் 15 ரோல் ஏற்றப்பட்டிருந்ததை செக்யூரிட்டி பதிவேடும் எடைச் சீட்டும் காட்டுகின்றன. ஏற்றியது தாங்களே என இரு சாட்சிகள் கூறினர். தாங்கள் குறுக்கு விசாரணை செய்தும் அது மாறவில்லை. எண்ணிக்கைப் பிழை என்ற தங்கள் விளக்கம் ஏற்கப்படவில்லை; கூடுதல் 3 ரோலும் டையிங் லாட் ஒட்டு கிழிக்கப்பட்டு இருந்தன. நிரூபிக்கப்பட்டது. குற்றச்சாட்டு 2: கையெழுத்து தங்களுடையது எனச் சாட்சியம் இல்லை. நிரூபிக்கப்படவில்லை. குற்றச்சாட்டு 1-க்காக மட்டுமே தண்டனை விதிக்கப்படுகிறது."

ரெண்டாவது நிக்கலைன்னு நாமளே எழுதினா கேஸ் பலவீனமாயிரும்னு முதலாளிங்க பயப்படுவாங்க. நிக்காததையும் சேத்து தண்டனை குடுத்தாத்தான் மொத்த உத்தரவும் ஆட்டம் காணும். அப்புறம் அவரோட பழைய சர்வீஸ் ரெக்கார்டைப் பாத்தேன், அதுக்கப்புறமும் டிஸ்மிஸ்தான் சரின்னு முடிவு பண்ணினேன்னு ரெண்டு வரி கட்டாயம் சேருங்க. தண்டனை அதிகம்னு சொல்லிக் குறைக்கற அதிகாரம் தொழிலாளர் நீதிமன்றத்துக்கு எப்பவும் இருக்கு, அந்த ரெண்டு வரி இல்லைன்னா அதுக்கு நாமளே இடம் குடுத்த மாதிரி ஆயிரும்.

தேதில நிறைய பேர் தப்பு பண்றாங்க. உதாரணத்துக்கு, 12.03 அன்னைக்கு சஸ்பெண்ட் பண்ணினதால அன்னைலிருந்தே டிஸ்மிஸ்னு போட்றாதீங்க. உத்தரவு அவர் கைக்குப் போற நாள்லதான் அமலுக்கு வரும், "இவ்வுத்தரவு தங்களுக்குக் கிடைக்கும் நாளிலிருந்து" அப்படின்னு எழுதுங்க. 14.07 கையெழுத்தாகி 17.07 கைக்குப் போனா, அதுவரைக்கும் பிழைப்பூதியம், அதாவது சஸ்பென்ஷன் காலத்துக்குக் குடுக்கற சம்பளப் பங்கு, பாக்கி இருக்கக் கூடாது: முதல் 90 நாள், அதாவது 09.06 வரைக்கும் பாதிச் சம்பளம், அதுக்கப்புறம் தாமதம் அவரால இல்லைன்னா முக்கால். ஒப்புகையோட தபால்ல அனுப்புங்க. "வாங்க மறுப்பு"ன்னு கவர் திரும்பி வந்தா பிரிக்காம அப்படியே ஃபைல்ல வெய்ங்க.

இன்னொண்ணு. போனஸ், கூலி உயர்வுன்னு ஏதாவது தொழில் தகராறு சமரசத்துலயோ கோர்ட்லயோ நிலுவைல இருக்கறப்ப அதுல சம்பந்தப்பட்ட ஆளை இந்த மாதிரிக் குற்றத்துக்கு டிஸ்மிஸ் பண்ணினா, ஒரு மாசச் சம்பளம் குடுத்து, கையோட அந்தத் தகராறு நிலுவைல இருக்கற இடத்துலயே ஒப்புதல் மனுவும் போடோணும். விட்டா உத்தரவே செல்லாது.

மேல்முறையீடு பத்தி. "இது இறுதியானது"ன்னு எழுதவே எழுதாதீங்க. உங்க நிலையாணைல மேல்முறையீடு இருந்தா யாருக்கு, எத்தனை நாளுக்குள்ள, எந்த முகவரின்னு அதுல இருக்கற மாதிரியே போடுங்க. லெட்டர்ல கையெழுத்துப் போட்டவரே மேல்முறையீடு கேக்கக் கூடாது. மேனேஜிங் பார்ட்னரே கையெழுத்துப் போட்டுட்டா மேல கேக்க ஆளே இருக்காது, அதனால கையெழுத்து ஃபேக்டரி மேனேஜருது, அதுக்கான அதிகாரம் எழுத்துல இருக்கோணும். கம்பெனிக்கு வெளிய, டிஸ்மிஸ் ஆனவர் தொழிலாளர் துறை சமரச அதிகாரிகிட்ட மனுப் போடலாம். 45 நாள்ல முடியலைன்னா நேரா கோர்ட்டுக்குப் போகலாம்.

முதலாளிக்கு ஆள் தூக்கச் சொல்லிக் குடுக்கறேன்னு யாராவது கமெண்ட்ல வருவீங்க. காரணம் தெளிவா எழுதின லெட்டர்தானுங்க தொழிலாளிக்கும் எதிர்த்துப் பேசக் கைப்பிடி. ஒடிசா, பீகார்ல இருந்து வந்தவருக்கு இங்கிலீஷ்ல மூணு பக்கம் அடிச்சுக் குடுத்து "ரிசீவ்ட்"னு கையெழுத்து வாங்கறதை நம்ம ஊர்ல ஒருத்தரும் தப்புன்னே சொல்றதில்லை. ஆளுக்குத் தெரிஞ்ச மொழில ஒரு பிரதி சேருங்க.

பி.எஃப்.ல கை வைக்க முடியாது. கிராஜுவிட்டி தனி விஷயம். பிடிக்கறதா இருந்தா அதுக்குத் தனி நோட்டீஸ், தனி உத்தரவு. இந்த லெட்டர்ல அதைக் கலக்காதீங்க.