இதயத்தின் மாற்றுத் துடிப்பிகள்

இதயத் துடிப்பைத் தொடங்கிவைக்கும் சைனஸ் கணு வேலை செய்யாவிட்டால் இதயம் உடனே நின்றுவிடுமா?

பெரும்பாலும் நிற்காது. தானாகவே மின்துடிப்பு எழுப்பும் செல்கள் இதயத்தில் வேறு இடங்களிலும் உண்டு. நிமிடத்துக்குச் சைனஸ் கணு 60–100, மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் இடையிலுள்ள ஏவி கணுப் பகுதி 40–60, கீழறைகளில் மின்துடிப்பைப் பரப்பும் பர்கின்ஜி இழைகள் 20–40 முறை துடிப்பெழுப்பும்.

வெவ்வேறு வேகத்தில் நீர் விழும் மூன்று குழாய்களின் கீழ் மூன்று குடங்களை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் நிரம்புவது கவிழும்போது மற்ற இரண்டையும் கவிழ்த்துவிடும். அதனால் வேகமான சைனஸ் கணு இருக்கும்வரை மற்றவை நிரம்புவதே இல்லை.

மேலிருந்து வரும் மின்துடிப்பு ஏவி கணுவுக்குக் கீழே முழுதும் தடைபட்டால், மேலறைகள் 75 முறை துடிக்க, கீழறைகள் பர்கின்ஜி வேகத்தில் 30 முறைதான் துடிக்கும். அதுவரை அடக்கப்பட்டிருந்த இழைகள் விழித்தெழச் சில நொடிகள் ஆகலாம். அந்த இடைவெளியில்தான் திடீர் மயக்கம் வருகிறது. இந்த வேகம் நம்பத்தக்கதல்ல என்பதால் மின்துடிப்பு தரும் பேஸ்மேக்கர் கருவியைப் பொருத்துவார்கள்.

மூளை கட்டளையிட்டால்தான் இதயம் துடிக்கும் என்பது தவறு. நரம்புகள் துடிப்பின் வேகத்தையும் வலுவையும் கூட்டிக் குறைக்க மட்டுமே செய்கின்றன, நரம்புகள் துண்டிக்கப்பட்ட மாற்று இதயமும் தானாகவே துடிக்கிறது.