முன்பணக் கட்டணத்தைத் திருப்பினால் பதிவு எப்படி?

கேள்வி: குன்னூர்ல எங்க ஸ்கூல்ல ஜூன் டெர்ம் ஃபீஸ் 18,000 மார்ச்லயே வாங்கிட்டோம். பையன் மே மாசம் டிசி வாங்கிட்டான். ரீஃபண்டை எந்தக் கணக்குல எழுதுறது?

பதில்: மார்ச்சில் வாங்கியது வருமானமே இல்லை, பள்ளியின் கடன். அன்று வங்கி பற்று, முன்பணக் கட்டணம் வரவு என்று எழுதியிருப்பீர்கள். மார்ச் 31 இருப்புநிலைக் குறிப்பிலும் அது பொறுப்புகள் பக்கம்தான் நிற்கும். இப்போது அதையே திருப்புங்கள்: முன்பணக் கட்டணம் பற்று 18,000, வங்கி வரவு 18,000. சேரும்போதே ஒப்புக்கொண்ட விதிப்படி 1,000 பிடித்தால், வங்கி வரவு 17,000, ரத்துக் கட்டண வருமானம் வரவு 1,000.

பலர் கட்டண வருமானக் கணக்கில் பற்று எழுதிவிடுகிறார்கள். அப்போது கட்டண வருமானம் தவறாகக் குறையும், போன பையன் பெயரில் 18,000 முன்பணத்திலேயே தொங்கும். ஜூனில் முன்பண இருப்பை மாணவர் பட்டியலோடு ஒப்பிட்டால் மாட்டிக்கொள்ளும். காப்புத்தொகை இருந்தால் அது தனிக் கணக்கு, இதில் கலக்காதீர்கள்.