படி இறங்கினால் முட்டி வலிக்கிறதா? காலைப் பின்னால் வையுங்கள்

"எனக்கு 44 வயது. அடிபட்டதில்லை, வீக்கமும் இல்லை. ஆனால் படி இறங்கும்போது வலது முட்டியின் முன்பக்கம் வலிக்கிறது. ஜிம்மில் வாக்கிங் லன்ஜ் செய்யச் சொல்கிறார்கள். செய்த மறுநாள் வலி கூடுகிறது. ரிவர்ஸ் லன்ஜ் நல்லது என்கிறாள் தோழி. எதைச் செய்வது? ஸ்கேன் எடுக்க வேண்டுமா?"

வாக்கிங் லன்ஜை இன்றே நிறுத்திவிட்டு ரிவர்ஸ் லன்ஜுக்கு மாறுங்கள். உங்கள் தோழி சொன்னது சரி.

ஒரு கால் முன்னும் மற்றது பின்னுமாக, முட்டிகளை மடக்கி இறங்குவதுதான் லன்ஜ். வாக்கிங் லன்ஜில் முன்னால் எட்டு வைத்து நடந்துகொண்டே இறங்குவோம், ரிவர்ஸில் பின்னால் எட்டு வைத்து. இரண்டிலும் கடைசி நிலை ஒன்றுதான்; அந்த நிலைக்கு வந்து சேரும் வழிதான் வேறு. வாக்கிங் லன்ஜில் உடல் முன்னோக்கி வந்துகொண்டிருக்கும்போதே கால் தரையில் விழுகிறது. அந்த வேகத்தைத் தடுத்து நிறுத்துவது தொடையின் முன்பக்கத் தசை. அது இழுக்க இழுக்க, முட்டிச் சில்லு பின்னால் உள்ள தொடை எலும்போடு அழுந்துகிறது. படி இறங்கும்போதும் இதே தசைதான் பிரேக் பிடிக்கிறது. ஏற்கெனவே நொந்திருக்கும் இடத்தை இருபது முறை இடிக்கிறீர்கள், அவ்வளவுதான். ரிவர்ஸ் லன்ஜில் முன்கால் அசையாமல் தரையில் இருக்கும். கணுக்காலுக்கு மேலே கால் ஏறக்குறைய நிமிர்ந்தே நிற்பதால் பாரத்தில் ஒரு பங்கை இடுப்பும் புட்டத் தசையும் வாங்கிக்கொள்கின்றன.

சுவரைப் பார்த்து நில்லுங்கள். வலது கால் பெருவிரலுக்கும் சுவருக்கும் நான்கு விரற்கடை இடைவெளி இருக்கட்டும். இரு கைகளும் சுவரில் இருக்கட்டும். இடது காலை ஒரு பெரிய எட்டு பின்னால் வைத்து, இடுப்பைப் பின்தள்ளி மெல்ல இறங்குங்கள். வலது முட்டி சுவரில் இடித்தால் முன்னால் சாய்கிறீர்கள் என்று பொருள். பின்முட்டி வரும் இடத்தில் இரண்டு தலையணைகளை அடுக்கி வையுங்கள். முட்டி அதைத் தொட்டதும் எழுந்துவிடுங்கள். பின்முட்டி தரையைத் தொட்டால்தான் பயிற்சி என்று அதட்டுபவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். மடக்கு ஆழமாக ஆகச் சில்லின் மேல் அழுத்தம் ஏறும்.

சென்ற ஆண்டு என்னிடம் வந்த ஆசிரியை ஒருவருக்கும் இதே வலி. இரண்டாம் மாடியில் வகுப்பு. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குவார். ஒரு காலுக்கு ஆறு முறை வீதம் இரண்டு சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள் செய்யச் சொன்னேன். வலிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்பேன். மூன்று வரை போகலாம். ஆனால் உண்மையான சோதனை மறுநாள் காலையில் இறங்கும் முதல் படிதான். அங்கே வழக்கத்தைவிடக் கூடுதலாக வலித்தால் அடுத்த முறை இன்னொரு தலையணை சேர்ப்போம். மூன்றாம் வாரம் ஒரு தலையணையை எடுத்தோம். ஏழாம் வாரம் நேராக இறங்கினார்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் பலர் தோற்று, "ரிவர்ஸும் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று விட்டுவிடுகிறார்கள். இடது காலை முன்வைத்துச் செய்யும்போது நோகும் வலது கால் பின்னால் போகிறது. அப்போது அந்த வலது முட்டியே வலித்தால், உடல் எடையைப் பின்கால் விரல்களில் ஏற்றிவிட்டீர்கள் என்று அறியலாம். எட்டு சிறிதாக இருந்தாலும் இதே கதிதான்: பின்முட்டி கூர்மையாக மடங்கும், சில்லு அழுந்தும். எட்டை அரை அடி நீட்டுங்கள். முன்குதிகாலை அழுத்தி எழுங்கள், பின்கால் விரலால் உந்தாதீர்கள். எழும் நொடியில் பின்பாதத்தைத் தரையிலிருந்து சற்றே தூக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் எடை சரியான காலில் இருக்கிறது. இத்தனைக்கும் பிறகும் பின்முட்டி நொந்தால், சில வாரங்களுக்கு நோகும் காலை முன்னால் வைத்து மட்டும் செய்யுங்கள்.

நீங்கள் எழுதியிருக்கும் நிலைக்கு இப்போது ஸ்கேன் தேவையில்லை. இந்த வலியைக் கேட்டும், தொட்டும், ஒரு படி இறங்கச் சொல்லிப் பார்த்துமே கண்டறியலாம். ஆனால் அதற்குக் கால் மணி நேரம் வேண்டும். அந்தக் கால் மணி நேரத்தைத் தர இங்கே பலருக்கு மனமில்லை. இரண்டு நிமிடத்தில் சீட்டு எழுதி ஸ்கேன் மையத்துக்கு அனுப்புகிறார்கள். அனுப்புபவருக்குக் கமிஷன் போகும் வழக்கம் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அறியாததல்ல. நாற்பதைத் தாண்டிய முட்டியைப் படம் எடுத்தால், வலியே இல்லாதவருக்கும் 'தேய்மானம்' தென்படுவது சாதாரணம். அந்த ஒரு சொல்லைக் கேட்ட பயத்தில் நடப்பதையே குறைத்துக்கொண்டு, தொடைத் தசை மெலிந்து வந்தவர்களை வாரந்தோறும் பார்க்கிறேன். அடுத்து, ஜிம் வாசலிலேயே முட்டிப் பட்டையும் மூட்டுப் பவுடரும் விற்பார்கள். பட்டை கட்டினால் கட்டியிருக்கும் வரை இதமாக இருக்கலாம், தசை அதனால் வளராது. பவுடரை வாங்கவே வாங்காதீர்கள். முட்டி வீங்கினாலோ, மடங்கிய நிலையில் பூட்டிக்கொண்டாலோ, நிற்கும்போது நழுவினாலோ எலும்பு மருத்துவரிடம் போங்கள்.

தலையணை இல்லாமல் ஒரு காலுக்குப் பன்னிரண்டு முறை செய்ய முடிந்து, கைப்பிடியைத் தொடாமல் ஒரு மாடி இறங்கவும் முடிந்தால் வாக்கிங் லன்ஜைத் திரும்பத் தொடலாம். முதல் நாள் நான்கே எட்டு, ஒவ்வோர் எட்டுக்கும் நடுவில் இரு கால்களையும் சேர்த்து நின்றுவிட்டு.