சீட்டு மெசேஜ் யாருக்குச் சாட்சி?

"நாங்கள் ஒரே தெருவில் 12 பேர், மாதம் ₹5,000 போட்டுக் குலுக்கல் சீட்டு நடத்துகிறோம். பிடிப்பது நான்தான். கமிஷன் கிடையாது, முதல் சீட்டு எனக்கு, அவ்வளவுதான். மாதாமாதம் வாட்ஸ்அப் குரூப்பில் ஞாபகப்படுத்தியும் கணக்கு போட்டும் மெசேஜ் அனுப்புவேன். 4-ம் மாதம் ₹60,000 எடுத்த பக்கத்து வீட்டு அக்கா 7, 8-ம் மாதங்களில் கட்டவில்லை. அந்த ₹10,000-ஐ நானே போட்டேன். கேட்டால், 'உன் மெசேஜையே போலீஸ்ல காட்டி, அனுமதி இல்லாம சீட்டு கம்பெனி நடத்துறன்னு எழுதிக் கொடுப்பேன்' என்கிறார். என் மெசேஜ் எனக்கு உதவுமா, வினையாகுமா? இனி எப்படி எழுதுவது? ஸ்கிரீன்ஷாட் எல்லாம் அனுப்பியிருக்கிறேன்."

— ஒரு வாசகி, சென்னை புறநகர்

முதலில் அந்த மிரட்டலைப் பார்த்துவிடுவோம், உங்களுக்குத் தூக்கம் வர வேண்டுமே. 1982-ம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி, பதிவு செய்யாமல் சீட்டு நடத்துவது குற்றம்தான். 2 ஆண்டு வரை சிறை, அல்லது ₹5,000 வரை அபராதம், அல்லது இரண்டும். மாநில அரசு நிர்ணயிக்கும் சிறு தொகைக்கு விலக்கு உண்டு, ஆனால் அதை நம்பி நீங்கள் இறங்க வேண்டியதில்லை. ஏனென்றால் எது 'சீட்டு' என்று சொல்லும் அதே 2-வது பிரிவு, எது சீட்டு ஆகாது என்றும் சொல்கிறது. எல்லாரும் முறைவைத்து முழுத் தொகையையும் வாங்கிக்கொண்டு, மீதித் தவணையையும் தொடர்ந்து கட்டுகிற ஏற்பாடு அந்தச் சட்டத்தின் கணக்கில் சீட்டே இல்லை. 12 பேர், ஆளுக்கு ₹5,000, எடுப்பவர் கையில் குறையாமல் ₹60,000 என்றால் நீங்கள் அந்த விளக்கத்துக்குள் நிற்கிறீர்கள். முதல் சீட்டை நீங்கள் எடுத்ததாலும் இது மாறாது, நீங்களும் 12 தவணையும் கட்டுகிறீர்கள் அல்லவா? சட்டம் பிடிப்பது தள்ளி எடுக்கும் சீட்டை: ஏலம் கேட்டு, தொகையில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, அந்தக் கசரை மற்றவர்கள் பங்கு போட்டுக்கொள்வது.

இங்கேதான் உங்கள் ஸ்கிரீன்ஷாட்டில் ஒன்று கண்ணில் பட்டது. 5-ம் மாத மெசேஜில், "இந்த மாசம் அவசரம்னு 9-ம் நம்பர் 3,000 தள்ளி எடுத்துக்கிட்டாங்க, அதனால ஆளுக்கு 4,750 போதும்" என்று எழுதியிருக்கிறீர்கள். ₹3,000-ஐ 12 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு ₹250, கணக்கு சரிதான். ஆனால் அந்த மாதம் எடுத்தவருக்குக் கிடைத்தது ₹57,000. 'முழுத் தொகை' என்ற உங்கள் கவசத்தில் விழுந்த ஒரே ஓட்டை இது. ஒருவரின் அவசரத்துக்காக ஒரே ஒரு முறை செய்துகொண்ட ஏற்பாடு, மற்ற மாதமெல்லாம் குலுக்கல்தான் என்று வாதாட நிறைய இடம் இருக்கிறது. நானும் அப்படித்தான் வாதாடுவேன். ஆனாலும் இனி ஒருமுறைகூட இது வேண்டாம். யாருக்காவது அவசரம் என்றால், குலுக்கலில் பெயர் வந்தவர் சம்மதித்துத் தன் முறையை மாற்றிக்கொடுக்கட்டும். தொகை குறையக் கூடாது. பயந்துபோய் அந்தப் பழைய மெசேஜை அழித்துவிடவும் வேண்டாம். இன்னும் 11 போன்களில் அது இருக்கிறது. அழித்தால், 'மறைக்க ஏதோ இருந்திருக்கிறது' என்று எதிர்த்தரப்பு பேசுவதற்கு நீங்களே எடுத்துக் கொடுத்தது போல ஆகும்.

சரி, உங்கள் மெசேஜ்கள் உங்களுக்கு எவ்வளவு உதவும்? நேராகச் சொன்னால், நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. "4-ம் நம்பர் 7-ம் மாதம் தரவில்லை" என்று அந்த அக்காவைப் பற்றி நீங்கள் எழுதியது உங்கள் சொல். உங்கள் சொல்லையே உங்களுக்குச் சாட்சியாக நீதிமன்றம் பெரிதாக எடுத்துக்கொள்ளாது. அவர் பதில் சொல்லாமல் இருந்ததை வைத்து ஒப்புக்கொண்டார் என்று சொல்வதும் பலவீனமான வாதம், குரூப்பில் வரும் எல்லாவற்றையும் யார் படிக்கிறார்கள்? உண்மையில் கனமானது அவர் எழுதியது. அதனால் உங்கள் மெசேஜ்களை விட்டுவிட்டு, அவர் பெயரில் வந்தவற்றை மட்டும் மேலிருந்து கீழே தேடிப் பார்த்தேன். இரண்டு கிடைத்தன. 4-ம் மாதம் 10-ம் தேதி இரவு, "60 வந்துருச்சு, தேங்க்ஸ் மா" என்று ஒன்று. 7-ம் மாதம் தனியாக உங்களுக்கு, "இந்த மாசம் கொஞ்சம் டைட்டு, அடுத்த மாசம் ரெண்டையும் சேத்து தரேன்" என்று ஒன்று. உங்கள் வழக்கே இந்த இரண்டு வரிதான். முதலாவது பணம் வாங்கியதற்கு, இரண்டாவது பாக்கி இருப்பதற்கு. கூடவே 5, 6-ம் மாதங்களில் அவர் ஜிபேயில் அனுப்பிய ₹4,750, ₹5,000 இரண்டும் உங்கள் வங்கிக் கணக்கில் இருக்கும். எடுத்த பிறகும் கட்டியிருக்கிறார் என்றால், கட்ட வேண்டும் என்பது அவருக்குத் தெரியும் என்று ஆகிறது.

இவற்றைக் காப்பாற்றுவது எப்படி என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாட்சிய சட்டம் வந்திருக்கிறது. ஸ்கிரீன்ஷாட்டைப் பிரின்ட் எடுத்துக் கொடுத்தால் மட்டும் போதாது. அதோடு 63-வது பிரிவின்படி ஒரு சான்றிதழ் வேண்டும். அதில் ஒரு பகுதியை நீங்களும், இன்னொரு பகுதியை ஒரு நிபுணரும் நிரப்பிக் கையெழுத்திட வேண்டும். போனையே நீதிமன்றத்தில் காட்டும் வழியும் உண்டு. ஆகவே எக்ஸ்சேஞ்சில் போனைப் போட்டுவிடாதீர்கள். குரூப்பில் மெசேஜ் தானாக மறையும் வசதி ஓடிக்கொண்டிருந்தால் இன்றே நிறுத்துங்கள். என்னிடம் வந்த ஒருவர் பிள்ளைக்குப் பழைய போனைக் கொடுக்கும்போது எல்லாவற்றையும் அழித்துக் கொடுத்துவிட்டு, பிரின்ட் மட்டும் கொண்டுவந்தார். தலையில் கை வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இனி எப்படி எழுதுவது? ஞாபகப்படுத்தும் மெசேஜையும் கணக்கு மெசேஜையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். முதலாவது குலுக்கலுக்கு ஐந்து நாள் முன்பு:

"9-ம் மாதச் சீட்டு. 12 பேர், ஆளுக்கு ₹5,000. குலுக்கல் 10-ம் தேதி மாலை 6 மணி. பணம் 9-ம் தேதிக்குள். குலுக்கலில் வருபவருக்கு முழு ₹60,000."

அவ்வளவு போதும். இரண்டாவது, பணம் கைமாறிய அன்றே:

"9-ம் மாதக் கணக்கு. வந்தது 11 பேரிடம் ₹55,000. எண் 4 தரவில்லை. அந்த ₹5,000-ஐ எண் 1 கடனாகப் போட்டது. எடுத்தவர் எண் 11, ₹60,000. எண் 4 பாக்கி: 7, 8, 9-ம் மாதங்கள், ₹15,000. தப்பு இருந்தால் மூன்று நாளுக்குள் சொல்லவும்."

'கடனாகப் போட்டது' என்ற சொல் முக்கியம். 7, 8-ம் மாதங்களில் நீங்கள் வெறுமனே "நான் போட்டுட்டேன், கவலைப்படாதீங்க, நான் இருக்கேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அன்பாகத்தான் சொன்னீர்கள், தெரியும். ஆனால் இதைப் படிக்கும் மற்ற 10 பேரும் யார் கட்டாவிட்டாலும் நீங்கள் ஜாமீன் என்று எடுத்துக்கொள்ளலாம், அந்த வாதம் நிற்கவும் கூடும். இனி யாருக்காகப் போட்டாலும், அது அந்த ஆளுக்கான கடன், அவரிடமிருந்து வசூலிக்க வேண்டியது என்று எழுதுங்கள். போட முடியாத மாதம், எடுப்பவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

மூன்றாவது மெசேஜ்தான் உண்மையான பாதுகாப்பு, அதை எழுத வேண்டியது நீங்கள் அல்ல. சீட்டு எடுத்தவர் தன் போனிலிருந்து, "நான் எண் 11. இன்று ₹60,000 முழுதும் வாங்கினேன். இன்னும் 10, 11, 12-ம் மாதங்களுக்கு ₹15,000 கட்ட வேண்டும்" என்று போட வேண்டும். பணத்தைக் கொடுக்கும் முன் இதைக் கேட்டு வாங்குங்கள். கட்டைவிரல் படம் போட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மெசேஜோடு, மீதித் தொகைக்கு உங்கள் பெயருக்கு ஒரு புரோநோட்டும், ₹1 ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன்மேல் கையெழுத்துடன் வாங்கிவிட்டால் இன்னும் நல்லது. தொகையும் தேதியும் நிரப்பாமல் வெற்று நோட்டில் கையெழுத்து வாங்க வேண்டாம். சீட்டு முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பக்கத்து வீட்டில் புரோநோட்டா என்று முகம் சுளிப்பார்கள். முதல் நோட்டை முதல் சீட்டு எடுத்த நீங்களே எழுதிவைத்தால், உங்கள் பாக்கி மூன்று மாதத்துக்கானதாக இருந்தாலும், மற்றவர்கள் தயங்க மாட்டார்கள்.

இப்போது அந்த அக்காவின் பாக்கி. எடுத்த பிறகு அவர் கட்ட வேண்டியது 5-ம் மாதம் ₹4,750, அதன் பின் ஏழு மாதம் ₹5,000, ஆக ₹39,750. கட்டியது ₹9,750. மீதி ₹30,000. இதில் இன்று கேட்கக்கூடியது 7, 8-ம் மாத ₹10,000 மட்டுமே. 'ஒரு தவணை தவறினால் மொத்தமும் கட்ட வேண்டும்' என்று ஆரம்பத்திலேயே பேசி எழுதியிருந்தால் ₹30,000-ஐயும் கேட்கலாம். நீங்கள் எழுதவில்லை, அதனால் மீதி ₹20,000 மாதாமாதம்தான் சேரும். அடுத்த சீட்டில் அந்த வரியைச் சேர்த்துவிடுங்கள். ஒவ்வொரு தவணைக்கும் அது கட்ட வேண்டிய தேதியிலிருந்து 3 ஆண்டு கெடு, அவசரமில்லை.

எடுத்த எடுப்பிலேயே வழக்கு போட வேண்டாம். உங்கள் வட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் குழுவில், வழக்குக்கு முந்தைய மனு ஒன்று கொடுங்கள். கட்டணம் இல்லை. அவரையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுவார்கள். மாதம் ₹2,500 கூடுதலாகக் கட்டுகிறேன் என்று அவர் சம்மதித்து லோக் அதாலத்தில் பதிவானால், அது சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், அப்பீலும் கிடையாது. வரவில்லை என்றால் வக்கீல் நோட்டீஸ், அப்புறம் வழக்கு. போலீஸில் நீங்கள் முதலில் போய் 'மோசடி' என்று எழுதிக் கொடுக்கவும் வேண்டாம். வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தால்தான் அது மோசடி. இரண்டு தவணை கட்டிவிட்டு நின்றவரிடம் அதை நிரூபிப்பது கடினம்.

அதுவரை குரூப்பில் அவரைப் பற்றி எண்ணும் தொகையும் மட்டும் வரட்டும். 8-ம் மாதம் இரண்டு பேர் "ஏமாத்துக்காரி" என்று எழுதியதை உடனே கண்டியுங்கள். அவதூறு என்று அவர் புகார் கொடுத்தால், இப்போது கையில் ஒன்றும் இல்லாதவருக்கு நீங்களே ஒரு ஆயுதம் கொடுத்ததாகிவிடும்.