சிறுநீர்த் தொற்றுக்கு ஆண்டிபயாடிக்: புதிய சுற்றறிக்கை பற்றிய கேள்விகளும் பதில்களும்

சுற்றறிக்கை எல்லா வார்டுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. அதில் மூன்றே மாற்றங்கள்தான். அறிகுறி இல்லாதவருக்கு யூரின் கல்ச்சர் அனுப்ப வேண்டாம், ஏற்கெனவே வந்த கல்ச்சருக்காக மருந்தும் போட வேண்டாம். சிறுநீர்ப்பையோடு நிற்கும் தொற்றுக்கு சிப்ரோஃப்ளாக்சசினுக்குப் பதில் நைட்ரோஃபுரான்டோயின். தொற்று சிறுநீரகத்துக்குப் போயிருந்தால் செஃப்ட்ரியாக்சோனில் ஆரம்பிக்க வேண்டாம். இதைப் படித்துவிட்டுக் கேள்விகள் நிறைய வந்தன, சிலது கோபத்தோடு. மைக்ரோபயாலஜியிலிருந்து என்னால் முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

ஆர்த்தோ வார்டு ஸ்டாஃப் நர்ஸ்: ரிப்போர்ட்டில் ஈ.கோலை ஒரு லட்சத்துக்கு மேல்னு வந்திருக்கு. அதைப் பார்த்துட்டும் சும்மா இருக்கச் சொல்றீங்களா சார்?

நோயாளிக்கு அறிகுறி இல்லையென்றால் ஆமாம் சிஸ்டர், அதைத்தான் சொல்கிறேன். கதீட்டர் போட்டவர்களில் ஒவ்வொரு நாளும் நூற்றுக்கு மூன்றிலிருந்து எட்டுப் பேர் வரை புதிதாகக் கிருமி ஏறுகிறது. ஒரு மாதம் ட்யூப் இருந்தால் கிட்டத்தட்ட எல்லாருக்குமே கல்ச்சர் பாசிட்டிவ்தான். கிருமி ட்யூபின் சுவரில் படலம் மாதிரி ஒட்டிக்கொண்டு வாழ்கிறது, அதனால் ட்யூபை எடுக்காமல் மருந்து போட்டால் சில நாளைக்குக் குறைந்துவிட்டு மறுபடி வரும், வரும்போது முன்பு கேட்ட மருந்துக்குக் கேட்காத கிருமியாக வரும். ஒரு லட்சம் என்ற எண் சிறுநீர்ப்பையில் கிருமி இருக்கிறது என்று மட்டும்தான் சொல்கிறது, அது அவரை நோயாளி ஆக்கியிருக்கிறதா என்பதை நீங்கள் படுக்கைக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும். ட்யூப் உள்ளவருக்கு பஸ் செல்ஸ் இருப்பதும், யூரோபேக் கலங்கியிருப்பதும், நாற்றம் அடிப்பதும் அறிகுறியில் சேராது. முதலில் கேட்க வேண்டியது, அந்த ட்யூப் இன்றைக்கும் அவருக்குத் தேவையா என்பது.

மெடிக்கல் பிரிவு மூத்த மருத்துவர்: வயதானவர்களுக்கு எரிச்சலும் வராது, ஜுரமும் வராது. குழப்பம் மட்டும்தான் வரும். காத்திருந்தால் செப்சிஸில் போய் நிற்கும். முப்பது வருஷமாகப் பார்க்கிறேன்.

நீங்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது சார், வயதானவர்களுக்கு ஜுரம் சரியாக ஏறாமல் போகலாம். ஆனால் எழுபது வயதுக்கு மேற்பட்ட பெண்களில் பலருக்குச் சிறுநீரில் எப்போதுமே கிருமி இருக்கும். அதனால் குழம்பியிருக்கும் யாருக்குக் கல்ச்சர் எடுத்தாலும் அடிக்கடி பாசிட்டிவ் வரும், நாமும் காரணம் கிடைத்துவிட்டது என்று தேடுவதை நிறுத்திவிடுகிறோம். என்னைப் பயமுறுத்துவது அதுதான்.

ஒரு கேஸைச் சொல்கிறேன். 74 வயது அம்மா, இடுப்பு எலும்பு முறிவு, ஆறு நாளாக கதீட்டர். ராத்திரியில் பிதற்றல், பகலில் தூக்கம். ஜுரம் இல்லை, பி.பி. 130/80, விலாவில் தட்டினால் வலி இல்லை. கல்ச்சரில் ஈ.கோலை, பைப்பராசிலின்-டாசோபாக்டம் ஆரம்பித்துவிட்டார்கள். மூன்றாம் நாளும் அப்படியேதான் இருந்தார். அப்புறம் எலக்ட்ரோலைட்ஸ் பார்த்தால் சோடியம் 118. வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஹைட்ரோகுளோரோதயசைட் இங்கேயும் சார்ட்டில் தொடர்ந்துகொண்டிருந்தது. அதை நிறுத்திவிட்டு சோடியத்தை மெதுவாகச் சரிசெய்ததும், இரண்டு நாளில் மகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். ஆண்டிபயாடிக்கை நடுவில் நிறுத்தியாகிவிட்டது, சிறுநீரால் ஒன்றும் ஆகவில்லை.

அதனால் சுற்றறிக்கை சொல்வது இதுதான். குழப்பம் மட்டும் இருந்து, ஜுரமோ குளிர் நடுக்கமோ பி.பி. இறக்கமோ சிறுநீர் சார்ந்த வலியோ இல்லையென்றால், சர்க்கரை, சோடியம், ஆக்சிஜன், மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, புதிதாக ஆரம்பித்த தூக்க மருந்து, வலி மருந்து எல்லாம் பாருங்கள், நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை வைட்டல்ஸ் எடுத்துக்கொண்டு ஒரு நாள் கவனியுங்கள். ஜுரம் வந்தால், பி.பி. இறங்கினால் உடனே மருந்து. இந்த ஒரு நாள் கவனிப்பு எல்லா நோயாளிக்கும் பொருந்தும் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. உங்கள் கண்ணுக்கு ஆள் சரியில்லை என்று பட்டால் காரணத்தைக் கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டு ஆரம்பியுங்கள், யாரும் தடுக்க மாட்டோம்.

ஹவுஸ் சர்ஜன்: சிப்ரோ எழுதினால் என்ன சார் தப்பு? விலை குறைவு, ஓ.பி.யில் வர்றவங்களே அதைத்தான் பேர் சொல்லிக் கேட்கிறாங்க.

இரண்டு தப்பு. நம் லேபில் வளரும் ஈ.கோலையில் பெரும்பாலானவற்றை சிப்ரோ தொடுவதே இல்லை, ஐ.சி.எம்.ஆர். வருடா வருடம் வெளியிடும் அறிக்கையிலும் நாடு முழுக்க இதே நிலைதான். இரண்டாவது, தசைநார் கிழிதல், நரம்புப் பாதிப்பு இவற்றுக்காக 2016-லேயே அமெரிக்க எஃப்.டி.ஏ. சாதாரணச் சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு வேறு மருந்து இருக்கும்போது இதை எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டது. 2018-இல் சர்க்கரை திடீரென இறங்குவதைப் பற்றியும் எச்சரிக்கை சேர்த்தார்கள். நம் ஓ.பி.யில் கிளிபென்கிளமைடு சாப்பிடும் வயதானவர்கள் எத்தனை பேர் என்று நினைத்துப் பாருங்கள். சிப்ரோவை முழுக்கத் தூக்கிப் போடவில்லை. கல்ச்சரில் கேட்கிறது என்று வந்து, சிறுநீரகத் தொற்றை ஊசியிலிருந்து மாத்திரைக்கு மாற்ற வேண்டிய இடத்தில் அது நல்ல மருந்து. அந்த இடத்துக்காகத்தான் மிச்சம் வைக்கச் சொல்கிறோம்.

மருந்தாளுநர்: நைட்ரோஃபுரான்டோயின் 100 மி.கி. என்று மட்டும் எழுதி அனுப்புகிறார்கள். நீடித்து வேலை செய்யும் வகையா, சாதாரண வகையா என்று இல்லை. கிரியாட்டினின் 2.4 இருக்கிற ஒருவருக்கும் சீட்டு வந்தது, நான் திருப்பி அனுப்பினேன்.

திருப்பி அனுப்பியது மிகச் சரி. சுற்றறிக்கையில் இதை இன்னும் தெளிவாகப் போட்டிருக்கலாம், அடுத்த பதிப்பில் சேர்க்கிறோம். எஸ்.ஆர். வகை என்றால் 100 மி.கி. காலை, இரவு, சாப்பாட்டோடு, ஐந்து நாள். சாதாரண வகையை நான்கு வேளை கொடுக்க வேண்டும், அதனால் எஸ்.ஆர். என்று எழுதச் சொல்லுங்கள். இந்த மருந்து வேலை செய்வதே சிறுநீரில் சேர்ந்துதான், சிறுநீரகம் வடிகட்டவில்லையென்றால் சிறுநீர்ப்பைக்குப் போய்ச் சேராமல் ரத்தத்தில் தங்கி நரம்பைக் கெடுக்கும். ஜி.எஃப்.ஆர். 30-க்குக் கீழே என்றால் வேண்டாம், 30-க்கும் 45-க்கும் நடுவில் யோசித்து எழுத வேண்டும். ஜி6பிடி குறைபாடு உள்ளவர்களுக்கும் கூடாது. அப்படிப்பட்டவர்களுக்கு ஃபாஸ்ஃபோமைசின் 3 கிராம் பொடி ஒரே வேளை இருக்கிறது. ஆனால் இரண்டுமே சிறுநீர்ப்பைக்கு மட்டும். விலா வலியும் ஜுரமும் உள்ளவருக்கு இவற்றை எழுதினால் எரிச்சல் அடங்கிவிடும், சிறுநீரகத்தில் தொற்று அப்படியே ஓடும்.

மகப்பேறு பிரிவு மருத்துவர்: கர்ப்பிணிகளுக்குமா அறிகுறி இல்லாவிட்டால் விடச் சொல்கிறீர்கள்?

இல்லை மேடம், அவர்கள் விதிவிலக்கு. கர்ப்பிணிக்கு அறிகுறி இல்லாவிட்டாலும் கல்ச்சர் எடுக்க வேண்டும், பாசிட்டிவ் என்றால் மருந்தும் கொடுக்க வேண்டும், ஏனென்றால் விட்டால் சிறுநீரகத் தொற்றாக மாறும் வாய்ப்பு அதிகம். பிரசவ நாள் நெருங்கியவர்களுக்கு மட்டும் நைட்ரோஃபுரான்டோயினைத் தவிருங்கள். இன்னொரு விதிவிலக்கு, யூராலஜியில் உட்சவ்வு கீறி ரத்தம் வரக்கூடிய சிகிச்சைக்குப் போகிறவர்கள். அறுவை சிகிச்சை என்றாலே கல்ச்சர் என்று மற்ற பிரிவுகளில் இருக்கும் வழக்கத்துக்கு இது பொருந்தாது.

அறுவை சிகிச்சைப் பிரிவு மருத்துவர்: ஜுரம் 103, நடுங்கிக்கொண்டு வருகிறார். கல்ச்சர் வர இரண்டு நாள் ஆகும். அதுவரை மருந்து போடாமல் வைத்திருக்க என்னால் முடியாது, இந்தச் சுற்றறிக்கையை நான் ஏற்க மாட்டேன்.

சார், அப்படி எங்கேயும் எழுதவில்லை. நடுங்கிக்கொண்டு வருகிறவருக்கு ரத்தக் கல்ச்சரும் யூரின் கல்ச்சரும் எடுத்த கையோடு மருந்து போக வேண்டும், பி.பி. இறங்கியிருந்தால் ஒரு மணி நேரத்துக்குள். மாறியிருப்பது எந்த மருந்து என்பது மட்டும்தான். செஃப்ட்ரியாக்சோனை உடைக்கும் நொதியை நம் ஈ.கோலையில் பாதிக்கு மேல் சுமந்துகொண்டு திரிகின்றன, அதனால் முதல் இரண்டு நாள் வீணாகப் போகிறது. பி.பி. நன்றாக இருந்து கிரியாட்டினினும் சரியாக இருந்தால் அமிக்கசின் கிலோவுக்கு 15 மி.கி., ஒரு நாளைக்கு ஒரே வேளை. பி.பி. இறங்கியவருக்கும் சிறுநீரகம் கெட்டிருப்பவருக்கும் மெரோபெனம்.

பைப்பராசிலின்-டாசோபாக்டம் போதாதா என்று கேட்பீர்கள். செஃப்ட்ரியாக்சோன் கேட்காத கிருமி ரத்தத்தில் ஏறியவர்களை வைத்து 2018-இல் மெரினோ என்ற ஆய்வு வந்தது. முப்பது நாளில் இறந்தவர்கள் மெரோபெனம் பக்கம் 3.7 சதவீதம், பைப்பராசிலின்-டாசோபாக்டம் பக்கம் 12.3 சதவீதம். அதற்காக எல்லாருக்கும் மெரோபெனம் ஓட்ட முடியாது, அதுவும் கேட்காத கிருமிகள் நம் ஐ.சி.யு.விலேயே இருக்கின்றன. 48 மணி நேரத்தில் கல்ச்சர் வந்ததும் சின்ன மருந்துக்கு இறங்கியே ஆக வேண்டும். ஆள் தேறிவிட்டால் எல்லாம் சேர்த்து ஏழு நாள் போதும்.

லேப் டெக்னீஷியன்: சாம்பிளை யூரோபேக்கில் இருந்து பிடித்து அனுப்புகிறார்கள். பகல் பன்னிரண்டுக்கு எடுத்தது மூன்று மணிக்கு வருகிறது. மூணு வகைக் கிருமி வளர்ந்தால் என்ன எழுத?

கலப்பு வளர்ச்சி, மறுசாம்பிள் தேவை என்று எழுதுங்கள், சென்சிடிவிட்டி போட வேண்டாம். போட்டால் யாராவது அதைப் பார்த்து மருந்து எழுதிவிடுவார்கள். வார்டுக்காரர்களுக்கு: யூரோபேக்கில் கிடக்கும் சிறுநீர் வேண்டவே வேண்டாம், ட்யூபில் உள்ள சாம்பிள் போர்ட்டை ஸ்பிரிட்டால் துடைத்து சிரிஞ்சில் எடுங்கள். ட்யூப் இரண்டு வாரத்துக்கு மேல் பழசு என்றால் முதலில் மாற்றிவிட்டு, புது ட்யூபிலிருந்து எடுங்கள். நம் ஊர் வெயிலில் இரண்டு மணி நேரம் வெளியே இருந்தால் பத்தாயிரம் ஒரு லட்சமாகிவிடும், உடனே அனுப்ப முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

அலுவலகப் பணியாளர்: எங்கம்மாவுக்கு சுகர் இருக்கு. மாஸ்டர் செக்கப்பில் பஸ் செல்ஸ் 8-10னு வந்து வெளியில ஒரு கிளினிக்கில் அஞ்சு நாள் ஊசி போடச் சொல்லியிருக்காங்க. நாளைக்கு மூணாவது ஊசி. நிறுத்திடலாமா?

சுற்றறிக்கை நம் வார்டுகளுக்கானது, உங்கள் அம்மாவை நான் பார்க்கவில்லை, அதனால் நிறுத்துங்கள் என்று இங்கிருந்து சொல்ல மாட்டேன். நாளைக்கு ஊசிக்குப் போகும் முன் அந்த மருத்துவரிடமே கேளுங்கள்: எரிச்சல், ஜுரம், அடிவயிற்று வலி எதுவும் இல்லை, இது தேவைதானா என்று. சர்க்கரை இருப்பது மட்டும் காரணம் என்றால், அறிகுறி இல்லாத சர்க்கரை நோயாளிக்கும் மருந்தால் பலன் இல்லை என்பதுதான் இன்றைய நிலைப்பாடு.

ஐ.சி.யு. ஸ்டாஃப் நர்ஸ்: சுவரில் ஒட்டுற மாதிரி சுருக்கமா சொல்லுங்களேன்.

மூன்று கேள்வி, இதே வரிசையில்.

முதல் கேள்வி: சிறுநீர் எரிச்சல், அடிக்கடி போதல், அடிவயிறு அல்லது விலா வலி, வேறு காரணம் தெரியாத ஜுரம், இதில் ஏதாவது இருக்கிறதா? இல்லை, கர்ப்பிணியும் இல்லை, யூரோ சிகிச்சையும் இல்லை என்றால் கல்ச்சரும் வேண்டாம், மருந்தும் வேண்டாம்.

இரண்டாவது: ட்யூப் இருக்கிறதா? தேவையில்லை என்றால் எடு, தேவை என்றால் பழையதை மாற்று, பிறகு சாம்பிள்.

மூன்றாவது: ஜுரம், விலா வலி, பி.பி. இறக்கம் உண்டா? எதுவும் இல்லையென்றால் நைட்ரோஃபுரான்டோயின் ஐந்து நாள். ஜுரமோ விலா வலியோ உண்டு, பி.பி.யும் கிரியாட்டினினும் சரி என்றால் அமிக்கசின். பி.பி. இறங்கினால், அல்லது ஜுரமோ விலா வலியோ உள்ளவருக்கு கிரியாட்டினின் ஏறியிருந்தால் மெரோபெனம், டூட்டி டாக்டருக்கு உடனே போன். ஊசி ஆரம்பித்த யாருக்கும் 48 மணி நேரத்தில் கேஸ் ஷீட்டில் மறுபார்வை எழுத வேண்டும்.

பிசியோதெரபிஸ்ட்: முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு எரிச்சலே தெரியாதே. முதல் கேள்விக்கு அவர்கள் என்ன பதில் சொல்வார்கள்?

நல்ல கேள்வி, சுற்றறிக்கையின் பலவீனமான இடமும் இதுதான். அவர்களுக்கு கால் விறைப்பு திடீரென்று கூடுவது, பி.பி. எகிறி வியர்த்துக் கொட்டுவது, சிறுநீர் ட்யூபைச் சுற்றிக் கசிவது, என்னமோ சரியில்லை என்று அவர்களே சொல்வது, இவையெல்லாம் அறிகுறியாக இருக்கலாம், ட்யூப் அடைத்துக்கொண்டதாலும் வரலாம். எது எவ்வளவு நம்பகமானது என்பதில் நிபுணர்களிடையே ஒத்த கருத்து இல்லை. இப்போதைக்கு ட்யூப் அடைப்பைப் பார்த்துவிட்டு, மலம் கட்டியிருக்கிறதா, புண் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதற்கப்புறமும் சந்தேகம் என்றால் கல்ச்சர் அனுப்பும் முன் என்னைக் கூப்பிடுங்கள். வந்து பார்க்கிறேன்.